கமராவைப் பிடிப்பது யார்?

கடந்த தவணையில் ஊடகக் கற்கைப் பாடத்துக்காக நாங்கள் நால்வர் ஒரு செயற்றிட்ட முன்மொழிவைக் கொடுத்தோம். கந்தோர் வாழ்க்கையைக் கேலி செய்யும் ஒரு போலி ஆவணப்படம், நீளம் எட்டு நிமிடம். இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. புள்ளி எதுவும் இல்லை. சிவப்புப் பேனையால் இரண்டு கேள்விகள் மட்டும் எழுதப்பட்டிருந்தன. முதலாம் பக்கத்தின் ஓரத்தில், "இந்தக் கந்தோர் எங்கே இருக்கிறது? உள்ளே படம் பிடிக்க அனுமதி எடுத்தீர்களா?" என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், "இந்தக் காட்சியில் கமராவைப் பிடிப்பது யார்?" என்று இருந்தது.

முதற் கேள்வியைப் பார்த்து நாங்கள் நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டீச்சர் எங்கள் கற்பனைக் கந்தோரை உண்மை என்று நம்பிவிட்டார், எழுத்து அவ்வளவு திறமாக இருக்கிறது என்று பெருமையும் பட்டோம். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் சிரிப்பு நின்றது. எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே குற்றச்சாட்டு என்பது இன்னும் பிந்தித்தான் விளங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பகிடி விட்டிருந்தோம். பகிடியை விடாமல் பிடிக்க வேண்டிய இடத்தில் கைவிட்டிருந்தோம்.

போலி ஆவணப்படம் என்பது கற்பனைக் கதையை, நிஜமாக நடந்ததை ஒரு படக்குழு போய்ப் பதிவு செய்தது போலக் காட்டும் படம். ஆட்கள் கமராவைப் பார்த்துப் பேட்டி கொடுப்பார்கள். கமரா சற்று ஆடும். பின்னணியில் சிரிப்பொலி இருக்காது. இந்த வகையில் கந்தோர் வாழ்க்கையை எடுத்த மிகப் பிரபலமான தொடர் பிரித்தானியாவின் 'தி ஒஃபிஸ்'. ரிக்கி ஜெர்வெய்ஸ், ஸ்டீவன் மேர்ச்சன்ட் என்ற இருவர் எழுதி இயக்கினார்கள். 2001 ஜூலை 9 ஆம் திகதி பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் அது ஆரம்பமானது. ஸ்லவ் என்ற ஊரில் உள்ள ஒரு கடதாசிக் கம்பனியின் கிளைதான் களம். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. இந்தத் தொடரின் முதல் வித்து, மேர்ச்சன்ட் பிபிசியில் பயிற்சி பெறும்போது பயிற்சிக்காக எடுத்த ஒரு குறும்படம். அதாவது இதுவும் ஒரு வகுப்புச் செயற்றிட்டமாகத்தான் பிறந்தது.

அந்தத் தொடரில் முகாமையாளர் டேவிட் பிரென்ட் எங்களைச் சிரிக்க வைப்பதற்குக் காரணம் அவர் பகிடி விடுவது அல்ல. சொல்லப்போனால் அவர் விடும் பகிடிகள் எல்லாம் மோசமானவை. தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கமராவுக்கு முன்னால் நல்ல முதலாளியாக, எல்லோருக்கும் நண்பனாகத் தெரிய வேண்டும் என்று அவர் படும் பாடுதான் சிரிப்பு. கமராவை எடுத்துவிட்டால் அவர் சாதாரண, தொல்லை கொடுக்கும் ஒரு முகாமையாளர் மட்டுமே. ஆகவே அந்தக் கதையில் கமரா படம் பிடிக்கும் கருவி மட்டுமல்ல, ஒரு பாத்திரமும் கூட. அது எங்கே நிற்கிறது, எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதைத் தொடர் ஒருபோதும் மறப்பதில்லை.

இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த சான்று இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் வருகிறது. டிம் என்ற ஊழியர் தன்னோடு வேலை செய்யும் டோனிடம் மனதில் இருப்பதைச் சொல்லப் போகிறார். அவளைத் தனி அறைக்கு அழைத்துச் செல்கிறார். கமரா கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. டிம் சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றிவிடுகிறார். அந்தக் கணத்தோடு சத்தம் முழுவதும் நின்றுபோகிறது. அவர்கள் பேசுவது தெரிகிறது, எதுவும் கேட்கவில்லை. பிறகு அவர் தன் இடத்துக்கு வந்து, மைக்கை மறுபடி மாட்டி, அவள் மறுத்துவிட்டாள் என்பதை ஒரு சின்ன வசனத்தில் சொல்லிவிடுகிறார். சாதாரண நாடகமாக இருந்தால் அந்த உரையாடலை எங்களுக்குக் கேட்கவிட்டிருப்பார்கள். இங்கே கேட்கவிட்டால், "சத்தம் மைக் வழியாகத்தான் வருகிறது" என்று பன்னிரண்டு அத்தியாயங்களாக வளர்த்த நம்பிக்கை உடைந்துவிடும். ஒரு பகிடிக்காக வைத்த விதியை அழவேண்டிய இடத்திலும் அவர்கள் மீறவில்லை. அதனால்தான் அந்த இடம் அவ்வளவு கனக்கிறது.

இப்போது எங்கள் முதல் முன்மொழிவுக்கு வருகிறேன். அதில் ஒரு தொலைக்காட்சிக் குழு கந்தோருக்கு வருகிறது என்று முதற் பந்தியிலேயே எழுதியிருந்தோம். ஆனால் மூன்றாம் காட்சியில் முகாமையாளர் தனியாக மூடிய அறைக்குள் தூங்குகிறார், அவர் காணும் கனவு திரையில் வருகிறது. நான்காம் காட்சியில் பைல் அலுமாரிக்கு உள்ளிருந்து ஒரு காட்சி. ஐந்தாம் காட்சியில் இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் இருந்து இருவர் தொலைபேசியில் பேச, இருவரின் முகமும் மாறி மாறித் தெரிகிறது. ஒரே ஒரு கமராவோடு வந்த குழு இதையெல்லாம் எப்படிப் படம் பிடித்தது? டீச்சர் கேட்டது இதைத்தான்.

சரி, பார்ப்பவர்கள் இதையெல்லாம் கவனிப்பார்களா என்று எங்கள் குழுவில் ஒருத்தி கேட்டாள். கவனிக்க மாட்டார்கள் என்பதே என் பதிலும். ஆனால் உணர்வார்கள். கனவைப் பார்த்த அந்த நிமிடத்திலிருந்து இது நாடகம் என்று அவர்களின் மனம் முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு ஒரு கிளாக்கர் கமராவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மௌனமாக நின்றால் அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது. நாடகத்தில் யாரும் கமராவைப் பார்ப்பதில்லையே.

எங்களுடைய இரண்டாவது பிழை பொய்களின் எண்ணிக்கை. 1957 ஏப்ரல் 1 ஆம் திகதி பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் மூன்று நிமிட அளவிலான ஒரு துண்டு ஒளிபரப்பானது. சுவிட்சர்லாந்தில் ஸ்பகெட்டி அறுவடை அமோகம் என்பது செய்தி. பெண்கள் மரக்கிளைகளில் தொங்கும் ஸ்பகெட்டி இழைகளைப் பறித்து வெயிலில் காயவைக்கிறார்கள். மதிப்புக்குரிய அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி, வாராவாரம் பேசும் அதே கனமான குரலில் விளக்கம் கொடுத்தார். ஸ்பகெட்டி மரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டுப் பலர் பிபிசிக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அந்தத் துண்டில் உள்ள பொய் ஒன்றே ஒன்று: ஸ்பகெட்டி மரத்தில் காய்க்கிறது. பனியால் பயிருக்கு வரும் கேடு, பூச்சித் தொல்லை, அறுவடை மகிழ்ச்சி என்று மற்றதெல்லாம் எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும் உண்மைகள்.

எங்கள் முன்மொழிவில் எத்தனை பொய்கள் என்று எண்ணிப் பார்த்தோம். கடிதங்களுக்குச் சீல் குத்தும் பூனை ஒன்று. பதிவேட்டு அறையில் பேய் ஒன்று. ஐந்து வருடமாகத் தூங்கும் முகாமையாளர். பதில் கடிதத்துக்கும் பதில் கடிதம் போடும் இரண்டு பிரிவுகள். சுருமாவால் மீசை கீறிக்கொண்டு ஆண்களாக நடிக்கும் நாங்கள். இதில் ஒவ்வொன்றும் தனித்தனியே சிரிப்புத்தான். சேர்த்து வைத்தால் எது வழக்கம், எது விசித்திரம் என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். பூனை சீல் குத்தும் கந்தோரில் ஒரு கடிதம் பதினைந்து தரம் போய்வருவது அதிசயமே அல்ல.

ஆகவே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். எங்கள் கந்தோரில் ஒரு விதி உண்டு: கிடைத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் "கிடைத்தது" என்று கடிதம் போட வேண்டும், அந்தக் கடிதத்துக்கும் அப்படியே. கந்தோரில் இரண்டு பிரிவுகள், பெறும் பிரிவும் அனுப்பும் பிரிவும். இரண்டு பிரிவின் பொறுப்பாளர்களும் முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு இரண்டு அடி இடைவெளியில் இருக்கிறார்கள். பொய் அவ்வளவுதான். மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்.

அந்த உண்மைகளை வாப்பாவிடம் கேட்டு எழுதினோம். அவர் இருபத்து நான்கு வருடம் கிளாக்கராக வேலை செய்தவர். காலையில் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறப்படுவதையும், கோட்டுக்குக் கீழே கையொப்பம் வைப்பவரின் முகம் எப்படி இருக்கும் என்பதையும் அவர் சொன்னார். இப்போது பல கந்தோர்களில் விரல் வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் கந்தோருக்குச் சிவப்புக் கோடுதான் பொருத்தம், அது கடதாசியை நம்பும் இடம். 'கந்தோர்' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது என்று எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியாது. அவர்களின் மொழியில் அது 'கந்தோர்' என்றே ஒலிக்கும் சொல். ஒல்லாந்தர் போய் இருநூறு வருடம் கடந்தும் பைல் கட்டும் நாடாவைப் போலச் சொல் மட்டும் இங்கேயே இருக்கிறது.

மீசையையும் கைவிட்டோம். மகளிர் கல்லூரி மேடையில் மீசை வைத்தாலே கைதட்டல் கிடைக்கும், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கைதட்டல் எங்கள் தோழிக்கு மீசை முளைத்ததற்கு, கந்தோருக்கு அல்ல. மீசை இரண்டாவது பொய். கந்தோரில் எல்லோரும் பெண்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பொய்யும் தேவையில்லை. அப்படிக் கந்தோர்கள் இருக்கத்தான் செய்கின்றன.

ஒரே பொய் என்றால் அதற்குக் கணக்கு இருக்க வேண்டும். எங்கள் கதை இதுதான். ஒரு திங்கட்கிழமை காலை பெறும் பிரிவின் பொறுப்பாளருக்கு வந்த ரீயில் சீனி இல்லை. சீனிப் போத்தல் அனுப்பும் பிரிவின் மேசையில் இருக்கிறது. திரும்பிக் கேட்டால் முடிந்தது. அவர் கடிதம் எழுதுகிறார். அது முதலாம் கடிதம். "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று இரண்டாம் கடிதம் வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு கடிதம் என்றால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பத்து. அடுத்த செவ்வாய் மாலைக்குள் பதினான்கு. புதன்கிழமை பதினாறாம் கடிதத்தோடு சீனி வந்துசேர்கிறது. அதற்குள் அவருக்குச் சீனி இல்லாத ரீ பழகிவிட்டது. சீனி தேவையில்லை என்று பதினேழாம் கடிதம் எழுத உட்காருகிறார்.

முதல் வரைவில் இரண்டாம் காட்சியில் பதினான்காம் கடிதமும் ஐந்தாம் காட்சியில் ஒன்பதாம் கடிதமும் இருந்தன. நாங்கள் நால்வரும் தனித்தனியே எழுதி ஒட்டியதன் விளைவு. இப்போது முன்மொழிவின் பின்னால் ஓர் அட்டவணை இணைத்திருக்கிறோம். காட்சி, கிழமை, கடித இலக்கம், மேசையில் உள்ள குவியலின் உயரம் என்று நான்கு நிரல்கள். இதில் ஒரு சுலபமான சோதனையும் கிடைத்தது. பெறும் பிரிவு எழுதுபவை எல்லாம் ஒற்றை எண், அனுப்பும் பிரிவு எழுதுபவை எல்லாம் இரட்டை எண். பெறும் பிரிவில் யாராவது பன்னிரண்டாம் கடிதத்தில் கையொப்பம் வைத்தால் எங்கோ பிழை என்று உடனே தெரியும். எட்டு வேலைநாட்களை ஒரே சனிக்கிழமை பிற்பகலில் எடுக்கப்போகிற எங்களுக்கு இந்த அட்டவணை இல்லாமல் முடியாது.

இடமும் அப்படித்தான். பாதிக் காட்சிகளை வெள்ளவத்தையில் ஒரு தோழியின் மாடி அறையிலும், மீதியைக் கொட்டாஞ்சேனையில் இன்னொரு தோழியின் மாமாவின் கடைக்கு மேலுள்ள அறையிலும் எடுப்பதாக முதலில் எழுதியிருந்தோம். இரண்டிலும் ஒரே மாதிரி மேசை போடலாம். ஆனால் வெள்ளவத்தை அறையில் கடற்கரை ரயிலின் சத்தம் அடிக்கடி கேட்கும். கொட்டாஞ்சேனை அறையில் சென் லூசியாஸ் பேராலயத்தின் மணி கேட்கும். பெறும் பிரிவில் ரயிலும் அனுப்பும் பிரிவில் மணியும் கேட்டால், இரண்டடி தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே முழுக் கொழும்பும் கிடக்கும். ஆகவே எல்லாவற்றையும் கொட்டாஞ்சேனைக்கே மாற்றினோம்.

பேச்சிலும் ஒரு கணக்கு உண்டு. இலங்கை வானொலியில் ஒலித்து 1976 இல் திரைப்படமாகவும் வந்த 'கோமாளிகள்' பற்றி எங்கள் வீட்டில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என்ற பாத்திரங்களைக் குரலை வைத்தே இனங்காணலாம், ஒவ்வொருவரும் தத்தம் தமிழில் பேசுவார்கள். மரிக்காராக நடித்தவர் எஸ். ராம்தாஸ், ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத். ஓர் இந்து முஸ்லிமாகவும் ஒரு முஸ்லிம் ஐயராகவும் பேசி ஒருவருக்கொருவர் சறுக்காமல் இருந்தார்கள். எங்கள் வரைவிலோ பொறுப்பாளர் ஒரு காட்சியில் சுற்றுநிருபம் மாதிரி எழுத்துத் தமிழில் பேசுகிறார், அடுத்த காட்சியில் எங்கள் வகுப்புப் பிள்ளை மாதிரிப் பேசுகிறார். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: கமரா தன் பக்கம் திரும்பியது தெரிந்தால் அவர் எழுத்துத் தமிழுக்கு மாறுவார், தெரியாதபோது வீட்டுத் தமிழ். மாற்றத்துக்குக் காரணம் இருந்தால் அதுவே பகிடி.

இனி மிக முக்கியமான விடயம். முதல் வரைவை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் பல இடங்களில் சிரித்தார். பியோன் கடிதங்களைத் தலைகீழாகக் கொண்டுபோய்க் கொடுத்துத் திட்டு வாங்கும் இடத்தில் சிரிக்கவில்லை. "மகள், அந்தப் பியோன ஏன் முட்டாளாக்கினீங்க? எந்தக் கடிதம் எங்க கிடக்குண்டு அவருக்கு மட்டுந்தானே தெரியும். அவர் இல்லாட்டி கந்தோர் ஓடுமா?" என்று கேட்டார். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், அவர்கள் இவர்களைவிடச் சிறந்தவர்களாக இருக்கலாம் என்று அல்குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. அந்த வசனம் பெண்களைத் தனியாகவும் குறிப்பிடுகிறது. அதைப் பாடமாக்கிய நாங்கள்தான் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஆளைத் தேடிப்பிடித்துச் சிரித்திருந்தோம். பகிடியின் கணக்குப்படி பார்த்தாலும் அது பிழை. எங்கள் பொய் ஒரு விதியைப் பற்றியது, ஒரு மனிதரின் மூளையைப் பற்றியதல்ல. இப்போது பியோன்தான் படத்தில் நிதானமான ஒரே ஆள். சீனிப் போத்தல் எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை, கடிதமும் வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் உம்மும்மாவின் கேள்வி இன்னும் கடுமையானது. "சிரிக்க வைக்கிறதுக்குப் பொய் சொல்லலாமா?" மக்களைச் சிரிக்க வைக்கப் பொய் பேசுபவனுக்குக் கேடுதான் என்ற கருத்தில் நபிமொழி இருப்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் நபி (ஸல்) அவர்கள் பகிடியாகப் பேசியதும் உண்டு. ஒருவர் வந்து சவாரி செய்ய ஒட்டகம் கேட்டபோது, ஒட்டகக் குட்டி ஒன்றைத் தருகிறேன் என்றார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஒரு தாய் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அங்கே பொய்யே இல்லை, பகிடி இருந்தது. அதன் முடிச்சும் அதே பேச்சில் அவிழ்க்கப்பட்டது, கேட்டவர் ஏமாந்தபடி வீட்டுக்குப் போகவில்லை.

இதில் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கதை என்று சொல்லிவிட்டுக் கதை சொல்வதும், உண்மை என்று சொல்லிக் கதை சொல்வதும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். ஸ்பகெட்டி மரத்தை நம்பித் தொலைபேசி எடுத்தவர்களை நினைத்தால் எனக்குச் சற்றுச் சங்கடமாகவே இருக்கிறது. அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் முதல் முன்மொழிவும் டீச்சருக்கு அதையேதான் செய்தது. "1987 இல் ஆரம்பிக்கப்பட்ட இந்தக் கந்தோர்" என்று சத்தியம் செய்வது போல எழுதினோம். அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டுமே என்று அவரை யோசிக்க வைத்தோம். அதைத் திறமை என்று வேறு நினைத்தோம்.

ஆகவே என் கருத்து இதுதான். படத்துக்குள் பகிடி ஒரு கணமும் கண்சிமிட்டக் கூடாது, முன்மொழிவில் பகிடியே இருக்கக் கூடாது. முன்மொழிவு என்பது எங்களுக்கும் டீச்சருக்கும், பெற்றோருக்கும், அறை தந்த மாமாவுக்கும் இடையிலான நேர்மையான கடதாசி. பாத்திரம் போலவே முன்மொழிவையும் எழுதினால் சுவையாக இருக்கும் என்று என் தோழிகள் இருவர் இன்னும் வாதிடுகிறார்கள். மாதிரிக் காட்சி ஒன்றை அப்படி எழுதலாம், அதை "மாதிரிக் காட்சி" என்று தலைப்பிட்டுத் தனித் தாளில் வைக்க வேண்டும். இரண்டு குரலும் ஒரே பந்தியில் கலந்தால் வாசிப்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாது.

எங்கள் இரண்டாவது முன்மொழிவு மூன்று பக்கம். முதலாம் பக்கம் எங்கள் சொந்தக் குரலில்: இது கற்பனை, இப்படி ஒரு கந்தோர் இல்லை, படத்தின் இறுதியிலும் இதை எழுதிக் காட்டுவோம். அதற்குக் கீழே ஒரே வசனத்தில் அந்தப் பொய். அதற்குக் கீழே கமராவைப் பற்றி ஒரு பந்தி: புதிய ஊழியர்களுக்கு "விரைவான சேவை" பற்றிப் பயிற்சிப் படம் எடுக்க ஒரு குழு வந்திருக்கிறது. அவர்களிடம் ஒரே கமரா. மூடிய கதவுக்குள் போகமாட்டார்கள். ஒருவர் பேசி முடித்து மற்றவர் பதில் சொல்லத் தொடங்கிய பிறகே கமரா திரும்பும், ஏனென்றால் யார் பேசப்போகிறார் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. இரண்டாம் பக்கத்தில் பாத்திரங்கள். ஒவ்வொருவரின் குணத்தையும் எழுதாமல், கமரா தன்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார் என்பதை எழுதினோம். வேகமானவர் என்று பெயர் எடுக்கப் பொறுப்பாளர் ஆசைப்படுகிறார். அதனால் கடிதங்களை அவசர அவசரமாக எழுதுகிறார். மூன்றாம் பக்கம் மாதிரிக் காட்சி, பின்னால் அட்டவணை.

இதற்கு ஒரு குறைபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே பொய்யோடு எட்டு நிமிடம் ஓட்டினால் சலிக்கலாம். பூனையை வெட்டியபோது வகுப்பில் பலருக்குக் கவலைதான், அதுதான் அதிகம் சிரித்த இடம். அதற்கு மருந்து இன்னொரு பொய்யைச் சேர்ப்பதல்ல, இருக்கும் பொய்யை அடுத்த இடத்துக்கு நடக்கவிடுவது. முதலில் சீனிக்குக் கடிதம். பிறகு ஒருவருக்குப் பிறந்தநாள், வாழ்த்துக்கும் "கிடைத்தது" கடிதம். கடைசிக் காட்சியில் படக்குழு பெட்டியைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது பியோன் ஓடிவந்து ஓர் உறையைக் கொடுக்கிறாள். அவர்கள் வந்து சேர்ந்தது கிடைத்தது என்று உள்ளே எழுதியிருக்கிறது.

இரண்டாவது முன்மொழிவும் கடந்த வாரம் திரும்பி வந்தது. முதலாம் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். இரண்டாம் பக்கத்தில் ஒன்றுமில்லை. மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் அதே சிவப்புப் பேனையால் ஒரு கேள்வி: "பதினேழாம் கடிதத்துக்குப் பதில் வந்ததா?"